ஐஸ் வாடி ஒழுங்கையில் நிறுத்தலாம்

திருவிழா அறிவித்தலைக் கோயிலின் பேஸ்புக் பக்கத்தில் ஏற்றிவிட்டு, அதையே சபையின் வட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். சிறிது நேரம் கழித்து யார் யார் பார்த்தார்கள் என்று தட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் பார்த்திருந்தார்கள். ஐந்தாவது பெயர் கனகசுந்தரம்.

கனகசுந்தரம் அண்ணை போன வருடத் திருவிழா அன்று செத்துப்போனவர்.

அவருடைய போன் மனைவி பவளம் அக்காவிடம் இருக்கிறது, அவ திறந்து பார்த்திருப்பா. புத்திக்கு அது விளங்கியது. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். குழுவிலிருந்து அவரை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வருடமாக எல்லோரும் சொல்கிறோம், எடுக்கத்தான் ஒருவருக்கும் துணிவில்லை.

நான் கிரிசாந்த். கோயில் சபைச் செயலாளர். அறிவித்தல் எழுதுவதும் என் தலையில்தான். அம்மன் எத்தனை மணிக்கு வெளிவீதிக்கு வருவா, பிரதான வீதி எப்போது மூடப்படும், சிலாபம் பக்கத்து வாகனங்கள் எங்கே, புத்தளம் பக்கத்து வாகனங்கள் எங்கே, பஸ் எந்தச் சந்தியோடு திரும்பும் என்று எல்லாம் அதில் வர வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதிதாக எழுத எனக்கென்ன விசரா? பழையதை எடுத்துத் திகதியை மாற்றுவேன். அவ்வளவுதான் என் எழுத்து வேலை.

போன வருடமும் அப்படித்தான் செய்தேன்.

திருவிழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன் பொலிஸ் நிலையத்தில் கூட்டம் நடந்தது. வாகனத் தரிப்பிடத்துக்குப் பொறுப்பு கனகசுந்தரம் அண்ணை. அவர் எழும்பி, "ஐஸ் வாடி ஒழுங்கைய இந்த முறை வெறுமையா விடோணும். பிரதான வீதிய மூடினா ஆஸ்பத்திரிக்குப் போக வேற வழி இல்ல" என்றார். பொறுப்பதிகாரியும் ஓம் என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டார். அதற்கு முந்திய வருடங்களில் புத்தளம் பக்கத்து வான்களை, மீனுக்கு ஐஸ் போடும் வாடியோடு போகிற அந்த ஒடுங்கிய ஒழுங்கையில்தான் விடுவோம். இனி ஜவாஹிர் நானாவின் தென்னந்தோட்டத்தில் விடுவது என்று முடிவானது. நானாவும் வேலியில் ஒரு பக்கத்தைப் பிரித்து வழி எடுத்துக் கொடுத்தார்.

நான் திகதியை மாற்றினேன், மணியை மாற்றினேன். "முந்தல், பாலாவி, கல்பிட்டி வாகனங்களை ஐஸ் வாடி ஒழுங்கையில் நிறுத்தலாம்" என்ற வரி இருந்தபடியே போய்விட்டது. ஊர்க்காரர் ஒருவரும் கவனிக்கவில்லை. நடந்து கோயிலுக்கு வருகிறவனுக்குத் தரிப்பிடம் எதற்கு? வெளியூர்க்காரர்தான் அந்தப் பகுதியை வாசிப்பார்கள், வாசித்தபடியே நடப்பார்கள்.

ஊர்வலம் சந்திக்கு வந்த நேரம், சனத்தை விலக்கிக்கொண்டு நின்ற கனகசுந்தரம் அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் ஒழுங்கை வாசலுக்கு வந்தது. உள்ளே முப்பதுக்கு மேல் வான்கள். சாரதிகள் எல்லாம் ஊர்வலத்துக்குள். அவரைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வான்களுக்கு நடுவே ஓடினோம். கதிரையின் ஒரு காலை நான் பிடித்திருந்தேன். அம்புலன்ஸின் நீல வெளிச்சம் வான் கண்ணாடிகளில் பட்டுப் பட்டுப் போனது. வாசலுக்குப் போகும்போது அவர் இல்லை.

அடுத்த நாள் காலையில் அந்த அறிவித்தல் பதிவை அழித்தேன்.

சாரதிகளைக் கேட்டபோது, "கோயில்லதான் இங்க விடச் சொன்னாங்க" என்றார்கள். பதிவின் அடியில் இருந்தது அண்ணையின் தொலைபேசி இலக்கம். ஆகவே சபையில் எல்லோரும் ஒன்றாக முடிவு கட்டினார்கள்: மனிசன் போனில் பழைய ஞாபகத்தில் சொல்லிவிட்டார், தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஒழுங்கையால் நான் போவதில்லை. கடற்கரையால் சுற்றித்தான் போவேன். அப்படியிருந்தும் வேறு எங்காவது வான் கண்ணாடியில் வெயில் பட்டால், நீல வெளிச்சம்தான் தெரிகிறது. என் உள்ளங்கையில் கதிரையின் கால் இருக்கிறது.

இந்த வருடமும் பழைய பிரதியைத்தான் எடுத்தேன். ஒழுங்கை வரி போய்விட்டதா என்று பத்துத் தரம் பார்த்தேன். வேறொன்றையும் பார்க்கவில்லை.

அறிவித்தல் போட்ட அன்று பின்னேரம் மூன்று மணிக்கு என் போன் அடித்தது. திரையில் கனகசுந்தரம் அண்ணை. அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது. எடுத்தேன்.

"தம்பி, ஒருக்கா வீட்ட வந்திட்டுப் போங்கோ" என்றா பவளம் அக்கா.

அவவுடைய வீட்டுக்குக் கடற்கரையால் வழி இல்லை. ஐஸ் வாடி ஒழுங்கையால் போனேன். ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது. ஆனாலும் இரண்டு பக்கமும் வான்கள் நிற்பதுபோல, நடுவால் ஒடுங்கி ஒடுங்கியே நடந்தேன்.

அண்ணையின் படத்துக்கு முன்னால் போன் சார்ஜில் கிடந்தது.

"காலமையிலயிருந்து இவருக்குக் கோல் வருது" என்றா அக்கா. "வாகனம் எங்க விடுறது எண்டு கேக்கினம். உங்கட பதிவப் பாத்துப் பாத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

அப்போதுதான் விளங்கியது. பதிவின் அடியில் இருந்த அண்ணையின் இலக்கத்தை நான் மாற்றவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நம்பர மாத்த மறந்துபோனன்."

"அது கிடக்கட்டும். இதப் பாருங்கோ."

கண்டக்குழியிலிருந்து பக்தர்களை ஏற்றி வரும் வான்காரர் இன்னாசிப்பிள்ளை ஒரு படம் அனுப்பியிருந்தார். போன வருடம் அவர் தன் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்ட என் பதிவு. மேலே கோயில் முத்திரை, நடுவில் அந்த வரி. கீழே அவருடைய கேள்வி: "ஐயா, இந்த முறையும் இங்கயா விடுறது?"

"இது ஆர் எழுதினது தம்பி?"

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். ஒரு வருடம் பழகியிருந்தேன். அண்ணையின் படத்தைப் பார்க்காமலிருக்கச் சுவரைப் பார்த்தேன். சுவரில் அவருடைய சபை அட்டை தொங்கியது: வாகனத் தரிப்பிடப் பொறுப்பாளர்.

"நான்தான் அக்கா. பழசப் பாத்து எழுதினன். வரிய மாத்தேல்ல. பிறகு பயத்தில அழிச்சிட்டன். அண்ணை ஒருத்தருக்கும் அங்க விடச் சொல்லேல்ல. அவர்தான் அத வெறுமையா விடச் சொன்னவர்."

அவ ஏசுவா என்று நின்றேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஊர் சொன்னத நானும் நம்பினன்" என்றா. "ஒரு வருசமா விளக்கு வைக்கிற நேரமெல்லாம், ஏன் அப்பிடிச் சொன்னீங்கள், ஏன் அப்பிடிச் சொன்னீங்கள் எண்டு இந்தப் படத்தோட சண்டை பிடிச்சிருக்கிறன் தம்பி. அந்த மனிசன் பேசாம கேட்டுக்கொண்டு இருந்திருக்கு."

நான் அழுதேன். அவ அழவில்லை.

அங்கேயே ஒரு கதிரையில் இருந்து என் போனில் இந்த வருடப் பதிவைத் திறந்தேன். ஊர்வல நேரத்துக்கும் மேலே, முதல் வரியாக எழுதினேன்: "கடந்த வருடம் ஐஸ் வாடி ஒழுங்கையில் வாகனம் நிறுத்தச் சொன்னது செயலாளராகிய நான் பிழையாக எழுதிய பதிவு. அமரர் கனகசுந்தரம் அவர்கள் அந்த வழியை அம்புலன்ஸுக்காகத் திறந்து வைக்கச் சொன்னவர். கிரிசாந்த்." ஏற்றிய கையோடு கீழே இலக்கத்தை அழிக்கப் போனேன்.

"அது இருக்கட்டும்" என்றா அக்கா.

அப்போது அண்ணையின் போன் அடித்தது. அக்கா எடுத்தா. பாலாவியிலிருந்து ஒருவர், பஸ் ஒன்றில் ஐம்பது பேர் வருகிறார்களாம். கனகசுந்தரம் ஐயா இல்லையா என்று அவர் விசாரித்தது எனக்கும் கேட்டது.

"அவற்ற நம்பர்தான்" என்றா அவ. "ஜவாஹிர் நானாட தோட்டத்தில விடுங்கோ. ஐஸ் வாடி ஒழுங்கைக்குள்ள மட்டும் விடவேணாம்." கொஞ்சம் நிறுத்திப் படத்தைப் பார்த்தா. "ஓம். அவர்தான் சொல்லியிருக்கிறார்."