விழாத பிரேக்கர்

வீட்டில் மீன் வாங்கவில்லை. ஆனாலும் அப்பாவின் அறையில் மீன் வாடை அடித்தது. ஏசி சுவிட்சை அணைக்கப் போனவளின் விரலருகே நீலமாக ஒரு பொறி தெறித்தது. சுவரைத் தொட்டாள். இஸ்திரி போட்ட துணிபோலச் சுட்டது.

ஓடிப்போய் வாசலருகே இருந்த மெயினை அணைத்தாள். அப்பாவுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையின் பம்பும் நின்றது. அவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். மூன்றாவது மாடியிலிருந்து அவரைத் தனியாக இறக்க அவளால் முடியாது. நெருப்புப் பிடித்தால் என்ற நினைப்பை முடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

முதல் மாடியில் குடியிருந்த வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, சுவிட்சுல பொறி பறக்குது. சுவர் கொதிக்குது. லைசென்ஸ் இருக்கிற எலெக்ட்ரீஷியனை உடனே அனுப்புங்க."

"லைசென்ஸ் எதுக்கும்மா? சுவிட்சு என்ன லாரியா ஓட்டப்போகுது? டெஸ்டர் எடுத்துக்கிட்டு நானே வரேன்."

"நீங்க வேண்டாம்ணா."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. இத்தனை நாளில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஒரு மணி நேரத்துல ஆள் வரலைன்னா தீயணைப்புக்குப் போன் பண்ணிடுவேன்."

"சரி சரி, வரச் சொல்றேன்."

மெத்தை மெல்ல அமுங்கியது. அப்பாவைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தாள். "என்ன பாப்பா, கரண்ட் கட்டா?" என்றார் குழறலாக. "ஆமாப்பா," என்றாள். ஒரு கையை அவர் முதுகிலும் மறு கையைச் சுவரிலும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சூடு இறங்குகிறதா, உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருக்கிறதா? தெரியவில்லை.

எலெக்ட்ரீஷியன் வந்தார். பின்னாலேயே வீட்டுக்காரர். மெயின் அணைந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே எலெக்ட்ரீஷியன் சுவிட்சைக் கழற்றினார். உள்ளே பிளாஸ்டிக் உருகிக் கருகியிருந்தது; மீன் வாடை அதிலிருந்துதான் வந்திருந்தது. வயரின் உறை தொட்டதும் உதிர்ந்தது. பிறகு வாசலருகே இருந்த மெயின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த வயருக்குப் பதினாறு ஆம்பியர் பிரேக்கர்தான் போடணும். இங்க முப்பத்திரண்டு இருக்கு. வயரு வெந்தாலும் இது விழுந்து கரண்டை நிறுத்தாது. யார் மாத்துனது?"

போன மாதம் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று புகார் சொன்னவள் அவள்தான். வீட்டுக்காரர் அரைமணியில் வந்து மாற்றிவிட்டு, 'இனிமே ஜென்மத்துக்கும் விழாது' என்றார். அவளும் நன்றி சொல்லி டீ கொடுத்தாள்.

"நான்தான்," என்றார் வீட்டுக்காரர்.

"வேற எங்கயாவது மாத்துனீங்களா?"

அவர் முகம் வெளுத்தது. "என் வீட்ல. பொண்ணும் குழந்தையும் ஏசி போட்டுத் தூங்கறாங்க."

செருப்பைக்கூட மாட்டாமல் படிக்கட்டில் ஓடினார். எலெக்ட்ரீஷியன் திறந்த மெயின் பெட்டியை அப்படியே விட்டுப் பின்னால் ஓடினார்.

அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். காலடிச் சத்தம், கதவைத் தட்டும் சத்தம். 'மெயின், மெயின்' என்ற குரல். பிறகு எதுவும் இல்லை. நெடுநேரம் கழித்து, தூக்கம் கலைந்த குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது.

உள்ளே போய்ச் சுவரைத் தொட்டாள். ஆறியிருந்தது. அப்பாவை மறுபக்கம் திருப்பினாள்.