விளக்கில்லாத ஆறு மணி

கேள்வி கேட்டால் பதில் சொல்ல நேரம் விட வேண்டும். வைஜயந்திக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்கள் யூடியூபில் அவளுடைய வீடியோக்களைப் பார்க்கிற கிழவர்களும் கிழவிகளும்தான். ஆரம்பத்தில் "இன்னிக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்ட கையோடு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். "பதில் சொல்றதுக்குள்ள போயிட்டியேம்மா" என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். அதன்பிறகு கேட்டுவிட்டுக் கேமராவையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். படம்பிடித்து வெட்டி ஒட்டுகிற குணாவுக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை.

"மேடம், இந்த எடத்துல எல்லாம் ஜனம் ஓடிப்போவாங்க. பாக்கறவங்க கணக்கு காட்ற கிராப் அப்டியே வுழும்."

விழவில்லை. அந்த இடத்தில்தான் யாரும் நகராமல் இருந்தார்கள்.

குணா வார நாட்களில் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்கு வந்து ஒரு வாரத்துக்கானதைச் சேர்த்துப் பிடித்துவிட்டுப் போவான். போகப்போக அவனும் தொழிலைத் தெரிந்துகொண்டான். ஒரே கோணம், இடையில் வெட்டு கிடையாது. பேச்சுக்கு அடியில் தம்புரா ஓடினால் மந்தமான காதுக்கு வார்த்தை பிரியாது என்று அதை எடுத்துவிட்டான். ஸ்தோத்திரத்தின் வரிகள் இரண்டிரண்டாகப் பெரிய எழுத்தில் வரும். நடுவில் விளம்பரம் புகுந்து அலறாதபடி அடைத்துவைத்தான். வைஜயந்தி குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினாள். உச்சஸ்தாயியில் பேசினால் வயதானவர்களுக்குக் கேட்பதில்லை.

ஆறு மணிக்கு விளக்கு. பிறகு ஸ்தோத்திரம். பிறகு ஊர்ப்பேச்சு. கடைசியில், "விளக்கேத்தியாச்சு, பெருமாளைச் சேவிச்சாச்சு. வாங்கோ, சாப்பிடலாம்" என்று அவள் தட்டை முன்னால் வைத்துக்கொள்வாள். ஊர்பேர் தெரியாத எத்தனையோ வீடுகளில் எதிரே ஒருவர் தட்டோடு உட்கார்ந்திருப்பார். அந்தி வேளையில், விளக்கேற்றும் முன் சாப்பிடக்கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அதனால் இந்த வரிசையை அவள் ஒருநாளும் மாற்றியதில்லை.

புதன்கிழமை காலையில் காஞ்சிபுரத்திலிருந்து செய்தி வந்தது. அவள் கணவன் ராம்ப்ரசாதின் பெரியப்பா பிள்ளை போய்விட்டார். வைஜயந்தி அவரைக் கல்யாணத்தில் ஒருமுறை பார்த்ததோடு சரி. ஆனால் பங்காளி; பத்து நாள் தீட்டு. ராம்ப்ரசாத் கோயிலில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பவன். அன்றே கோயிலில் சொல்லிவிட்டு வீட்டில் அடைந்தான். பூஜை அறைக் கதவு சாத்தப்பட்டது.

மாலை ஆறு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை பிடித்துவைத்த வீடியோ தானாக வெளியானது. அதில் வைஜயந்தி பட்டுப் புடவையில் சிரித்த முகமாக விளக்கேற்றினாள்.

அது முடிவதற்குள் ராம்ப்ரசாதின் அக்கா ஸத்யபாமா போனில் வந்துவிட்டாள்.

"ஏண்டி, ஆத்துல தீட்டு. நீ என்னடான்னா ஊரறிய விளக்கேத்திண்டு நிக்கறே."

"அது முன்னாடியே எடுத்தது அக்கா."

"பக்கத்துல சிவப்பா லைவ்னு எழுதியிருக்கே, எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? பார்க்கறவாளுக்கு நீ பஞ்சாங்கம் படிச்சுச் சொல்லப்போறியா? கோயில்ல இவனை என்ன நெனப்பா?"

எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் பார்க்கட்டும் என்று குணா செய்துவைத்திருந்த ஏற்பாடு அது. பழைய படமானாலும் நேரலைபோல்தான் தெரியும். ராம்ப்ரசாத் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

"எடுத்துடச் சொல்லு. பத்து நாள்தானே. அவா வேற ஏதாவது பார்த்துப்பா."

குணா அந்த வாரத்தில் மீதியிருந்த வீடியோக்களை மறைத்துவிட்டு, "சில நாட்களுக்கு நிகழ்ச்சி இல்லை" என்று ஓர் அறிவிப்புப் போட்டான். அதைப் படிக்க யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பாதிப் பேருக்குப் பேரனோ பக்கத்து வீட்டுக்காரனோ டிவியில் வழி செய்துகொடுத்திருந்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் அவள் வருவாள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு வைஜயந்தி சமையலறையில் கைகளை மடித்துக்கொண்டு நின்றாள். எட்டு மணிக்கு முன்பே போன் அடித்தது. எண் கமலம்மாவுடையது. சித்தூரில் தனியாக இருப்பவர். தீபாவளிக்கு குணாவிடம் நம்பர் வாங்கி வாழ்த்துச் சொன்னவர். பேசியதோ ஆண் குரல்.

"நான் சிவசங்கரன்மா, கமலம்மா வூட்டுக் கீழ குடி கீறேன். ஒண்ணும் பயப்படாதீங்க. இப்ப பரவால்ல."

"என்னாச்சு?"

"சக்கரைக்கு ஊசி போட்டுக்கினு, தட்டுல சோத்தப் போட்டு மூடிவெச்சிக்கினு குந்திகினு கீது. ஊசி போட்டு அரை மணியில துன்னணும். நீங்க வர்ல. இது துன்னல. நான் மேல போறேன், வேர்த்து ஊத்துது, கை நடுங்குது, பேச்சு கொழறுது. சக்கரத் தண்ணி குடுத்து, ஒரு வாய் சோறு ஊட்டினேன். ஏன் துன்னலன்னு கேட்டா, அந்த அம்மா வூட்ல இன்னும் வெளக்கு வெக்கல நைனா, நான் எப்டி துன்றதுன்னுது."

வைஜயந்தி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உங்களத் தப்பு சொல்லல," என்றான் அவன். "நாளைக்கு நான் ரெண்டாம் ஷிப்ட், மாம்பழக் கூழ் பாக்டரில. அப்ப யார் பாக்கறது? அதான்."

ராம்ப்ரசாத் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் போனை வைத்ததும் சொன்னாள்: "தீட்டுல விளக்கேத்தப்படாது. சரி. சாப்பிடலாமோல்லியோ?"

"அக்கா கேட்டா?"

"சாதம் சாப்பிட்டேன்னு சொல்லுங்கோ."

அவன் சாத்தியிருந்த பூஜை அறைக் கதவைப் பார்த்தான். "பெருமாள் பேர் வேண்டாம்" என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மாலை குணா போனிலேயே வழி சொன்னான். "போனைக் குறுக்கால படுக்க வெச்சி, சாஞ்சிடாம பின்னால சொம்பு முட்டுக் குடுங்க மேடம். சன்னலுக்கு எதிர்ல குந்துங்க. இன்னிக்கி நெஜமாவே லைவ். தப்பு பண்ணா வெட்ட முடியாது." சாதாரண நூல் புடவையில், நெற்றியில் சின்னக் கோடு மட்டும் இட்டுக்கொண்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். பின்னால் காஸ் அடுப்பு.

"எங்காத்துல தீட்டு. நான் விளக்கேத்தப்படாது," என்று தாழ்ந்த குரலில் மெதுவாகச் சொன்னாள். "உங்காத்து விளக்கை நீங்க ஏத்துங்கோ. தலைப்பைச் செருகிண்டு ஏத்துங்கோ. நான் இங்கேயே இருக்கேன்."

காத்திருந்தாள். தீப்பெட்டியைத் தேட, எண்ணெய் விட, திரியைத் தூண்ட எவ்வளவு நேரமாகும் என்று மனசுக்குள் அவர்களோடு எழுந்து நடந்தாள். திரையில் அவளுடைய முகம் தவிர ஒன்றும் இல்லை.

"ஏத்தியாச்சா? ஊசி போட்டாச்சா? சரி, சாப்பிடலாம். இன்னொண்ணு சொல்றேன், கேளுங்கோ. நாளைக்கு நான் வராட்டாலும் நீங்களே விளக்கேத்திச் சாப்பிடணும். எனக்காகக் காத்திருக்கப்படாது. தெரிஞ்சுதா?"

பதிலுக்கு நேரம் விட்டாள். பிறகு ரசம் சாதத்தைப் பிசைந்து வாயில் வைத்தாள். பசியில்லை. எதிரே எத்தனை வாய் திறந்திருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே மென்றாள். தண்ணீர் குடித்து விழுங்கினாள். தட்டைக் காலி செய்யாமல் எழுந்திருக்க முடியாது. அவள் மீதி வைத்தால் அவர்களும் வைப்பார்கள்.

முடித்துக் கை கழுவிவிட்டு வந்தபோது போன் அடித்தது. கமலம்மா.

"துன்னுட்டேம்மா. உனக்கும் சேத்து ரெண்டு வெளக்கு வெச்சேன்."

"நான் சொன்னது கேட்டுதா? நான் வராத அன்னிக்கும் சாப்பிடணும்."

"கேட்டுது, கேட்டுது." கமலம்மா சிரித்தார். "சொல்றது சுளுவு. தனியா துன்னுப் பாரு, தெரியும். நாளைக்கி எத்தினி மணிக்கி வர்ற?"

அறைவாசலில் ராம்ப்ரசாத் நின்றான். தீட்டுக் கழிந்ததும் இருவருமாகக் காஞ்சிபுரம் போய் இரண்டு நாள் துக்கம் விசாரித்துவிட்டு வரலாம் என்று காலையில்தான் சொல்லியிருந்தான். அந்த இரண்டு நாளும் ஆறு மணி வரும். வைஜயந்தி அவனைப் பார்த்தாள். மறுமுனையில் கமலம்மா பேசாமல் பதிலுக்கு நேரம் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறு மணிக்கு," என்றாள் வைஜயந்தி.