ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்தவள்

கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலின் பின்பக்கம் மெஸ். சமையல்கட்டில் ரெண்டாவது அடுப்புக்குப் போகும் கேஸ் டியூப் ஒரு மாதமாகக் கசிந்துகொண்டிருந்தது. செல்வமணி சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தாள். குமிழ் குமிழாக வந்தது. மேனேஜர் நயினாரிடம் சொன்னாள். அவர் கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, "இனி வராது, வேலையப் பாரு" என்று போய்விட்டார். மறுநாளும் வாடை வந்தது. சிலிண்டர் அடுக்கியிருக்கும் இடத்துக்கு அடுத்த அறையில்தான் அவளும் கூடச் சமைக்கும் மாடம்மாளும் படுத்துக்கொள்வது.

அவளுக்கு முன்னால் இதைப் பற்றி வாய் திறந்தவன் தளவாய். சாம்பார் மாஸ்டர், நல்ல கை. முதலாளி காதுவரை போய்ச் சொன்னான். அன்றைக்கே பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார் நயினார். அதோடு விட்டாரா? சுற்று வட்டாரத்தில் உள்ள மெஸ்ஸுக்கெல்லாம் போன் போட்டார். கழக்கூட்டத்தில் அவனுக்கு ஒரு டீக்கடையில்கூட வேலை இல்லை. செல்வமணியின் புருஷன் ஊரில் இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடக்கிறான். தளவாயின் கதி தனக்கு வந்தால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். டியூபைப் பார்த்தாலும் பயம். எந்தப் பயம் பெரிசு என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடப் போன இடத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தமிழ்த் தொழிலாளர்களுக்காக வக்கீல் சூடாமணி நடத்தும் உதவி மையமாம். கஷ்டம் எதுவானாலும் மெயில் அனுப்பலாம், தமிழ் எழுத்தில் எழுத வராதவர்கள் இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை எழுதலாம் என்று போட்டிருந்தது. செல்வமணி அப்படித்தான் எழுதுவாள். ஆனால் அவள் போன் திரை போய்க் கிடந்தது. மெஸ்ஸில் பரிமாறுகிற ஷாலுவிடம் கேட்டாள். அவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேச்சில் மலையாளம் கலந்திருக்கும்.

"என் போன்ல வேண்டாம் சேச்சி. நயினார் அண்ணாச்சி அறிஞ்சா என் ஜோலி போவும்" என்றாள் ஷாலு. "மெஸ் போன்ல எழுது. உன் அக்கவுண்டை ஏத்தி, அனுப்பிட்டு எடுத்துக் களஞ்சாப் போதும். ஒருத்தரும் அறியாது."

மெஸ் போன் கல்லாவில் கிடக்கும். சாப்பாட்டுக் கணக்கு ஏற்ற அதைத் தொடுகிற உரிமை செல்வமணிக்கு உண்டு. நயினார் சரக்கு எடுக்கக் கிளம்பியதும், அவள் தன் மெயில் அக்கவுண்டைச் சேர்த்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். அங்கேதான் கீபோர்டு தன் வாத்தியார் வேலையைக் காட்டியது. அவள் இங்கிலீஷ் எழுத்தில் 'புகார்' என்று அடித்து ஸ்பேஸைத் தட்டினால் அது 'சுகர்' என்று திருத்தியது. 'பயமா' என்று அடித்தால் ஏதோ ஒரு தீவின் பெயர் வந்தது. நயினார் பெயரை அது எங்கேயோ வடக்கே ஒரு மலை ஊரின் பெயராக மாற்றிவிட்டது. வக்கீலம்மா இதை வாசித்தால் ஏதோ பைத்தியம் எழுதியிருக்கிறது என்றல்லவா நினைப்பாள்?

"நீ அடிக்கது இங்கிலீஷ்னு நெனச்சு அது திருத்துது" என்றாள் ஷாலு. கீபோர்டு செட்டிங்ஸுக்குள் போய், டெக்ஸ்ட் கரெக்‌ஷனில் ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்தாள். அவளுக்கு அதோடு மனசு ஆறவில்லை. பர்சனல் டிக்‌ஷனரியைத் திறந்து புகார், கசிவு, வக்கீல், நயினார் என்று ஒவ்வொன்றாக இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்துக் கொடுத்தாள். "இனி அது உன் வார்த்தையைத் தொடாது."

டியூப் கசிகிறது, வந்து பாருங்கள் என்று மெயில் போனது. செல்வமணி அக்கவுண்டைப் போனிலிருந்து நீக்கினாள். போனைத் துடைத்துக் கல்லாவில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். அன்று அவளுக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து, நயினார் சரக்குக் கம்பெனிக்கு ஆர்டர் மெயில் எழுத உட்கார்ந்தார். அவர் இங்கிலீஷ் ஊரறிந்தது. குத்துமதிப்பாக அடிப்பார், கீபோர்டு கரையேற்றும். இன்றைக்கு அது கையை விரித்துவிட்டது.

"இதென்ன, நான் அடிச்சது அடிச்சபடியே நிக்கி? நேத்துவர வெஜிடபிள்னு அதுவாத் திருத்திச்சே. எவ தொட்டா இத?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செல்வமணி சட்டியைக் கீழே வைத்தாள். அக்கவுண்டை எடுத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று இருந்தவள், கீபோர்டு என்று ஒன்று இருப்பதை மறந்தே போயிருந்தாள். அக்கவுண்டைத்தானே நீக்கினாள்? திருத்தத்தை அணைத்தது அப்படியே இருக்கிறது. அந்த நாலு வார்த்தைகளும் அப்படியே இருக்கின்றன.

"கணக்கு ஏத்தும்போது கை பட்டிருக்கும் அண்ணாச்சி. கொண்டாங்க, சரி பண்ணுதேன்."

போனைக் கொடுத்தார். ஆனால் நகரவில்லை, தோளுக்குப் பின்னாலேயே நின்றார். அவர் மூச்சு கழுத்தில் பட்டது. ஆட்டோ கரெக்‌ஷனைத் தேடித் திரும்பப் போட்டாள். அடுத்து டிக்‌ஷனரி. அதைத் தொட்டால் நாலு வார்த்தையும் வரிசையாக அவர் கண்முன் விரியும். தொடாமல் விட்டால் உள்ளேயே கிடக்கும். விரலை அந்த வரிக்கு நேரே நிறுத்தினாள்.

"ஆச்சா? குடு" என்று பிடுங்கிக்கொண்டார்.

ஷாலு வாசலில் தட்டுகளோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். செல்வமணி பழவங்காடிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டாள். புகாரின் முதல் எழுத்தில் தொடங்கும் சரக்கு எதுவும் இன்றைக்கு வேண்டாம், சாமி. வெஜிடபிள் சரியாக விழுந்தது. நயினாருக்குத் திருப்தி. துவரம்பருப்பு அடித்தார். மல்லி அடித்தார்.

"மாடம்மா, புளி இருக்கா?"

"தீந்து போச்சு அண்ணாச்சி" என்றாள் மாடம்மாள், ஒன்றும் அறியாதவள்.

அவர் ரெண்டு எழுத்து அடித்திருப்பார். விரல் நின்றது. கீபோர்டுக்கு மேலே அது எடுத்துக் கொடுத்த வார்த்தையை உதட்டுக்குள் வாசித்தார்: புகார். பிறகு செட்டிங்ஸ் போனார். செல்வமணியின் விரல் நின்ற இடம் அவருக்கு நினைவிருந்தது. திறந்தார். நாலு வார்த்தையையும் பார்த்தார். கடைசியில் தன் பெயரைப் பார்த்தார்.

"ஷாலு, கதவச் சாத்து."

ஷாலு சாத்தினாள். மாடம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏளா செல்வமணி. எழுதினது மட்டுந்தானா, அனுப்பியும் விட்டியா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். எழுதினேன், பயந்து அழித்துவிட்டேன் என்றால் ரெண்டு வசவோடு முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து ரெண்டாவது அடுப்புப் பக்கத்திலிருந்து வாடை லேசாக வந்தது. எல்லாருக்கும்தான் வந்தது.

"போயாச்சு அண்ணாச்சி. நேத்தே."

அடிப்பார் என்று கண்ணை மூடினாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது நயினார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாளும் அவள் பயந்தவருக்கு இப்போது முதலாளியை நினைத்துப் பயம். முதலாளி என்ன செய்வார் என்று அவருக்குத் தெரியாதா? தளவாய்க்காக ஊரெல்லாம் போன் போடச் சொன்னதே முதலாளிதான்.

"துணிமணிய எடுத்துக்க. முதலாளி வாரதுக்குள்ள பஸ் ஏறிரு" என்றார் மெதுவாக. "நான் ஒன்னப் பாக்கல."

செல்வமணி அறைக்குள் போனாள். பையை எடுத்தாள். பஸ் ஏறினால் நிச்சயமாகத் தப்பிக்கலாம். சிலிண்டர் பக்கத்துச் சுவரை ஒட்டி மாடம்மாள் படுக்கும் பாய் சுருட்டி வைத்திருந்தது.

பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். சிலிண்டர் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடினாள். மேலே மூடிக் கட்டியிருந்த ஜன்னலைத் திறந்துவிட்டாள். டேப் சுற்றிய டியூபுக்குப் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா வக்கீலம்மா வந்து பாக்கும்போது இதைக் காட்ட ஒரு ஆள் வேணும்லா?"