இரண்டு மீட்டர் வேலி

மறுநாள் கணக்குத் தேர்வுக்கான நாற்பது தாள்களையும் கட்டி வைத்துவிட்டு, அசதியில் கண் சொருகும்போதுதான் ஆசிரியைக்கு ஆறாம் கேள்வி உறுத்தியது. செவ்வகத் தோட்டத்தின் சுற்றளவு இருபது மீட்டர், பரப்பளவு முப்பது சதுர மீட்டர். நீளம், அகலம் என்ன? நீளமும் அகலமும் சேர்ந்து பத்து. ஐந்தை ஐந்தால் பெருக்கினால் வருகிற இருபத்தைந்துக்கு மேல் பரப்பளவு போகவே போகாது. அப்படியொரு தோட்டமே கிடையாது.

“எல்லாருக்கும் அஞ்சு மார்க்கப் போட்டுட்டுப் பேசாம தூங்கும்மா,” என்றார் கணவர்.

“எங்க வாத்தியாரும் அதத்தாங்க செஞ்சாரு.”

பதினான்கு வயதில், ஜன்னலோர பெஞ்சில், இப்படியொரு கேள்வியோடு அவள் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினாள். விரலில் படிந்த நீல மையும், மணி அடித்தபோது எழுதாமல் கிடந்த நான்கு கணக்குகளும் இன்றும் நினைவில் இருந்தன.

“மார்க்கக் குடுத்துட்டாரு. போன நேரத்த யாரு குடுக்கறது?”

இருபதை இருபத்திரண்டாக்கினால் போதும். ஆறும் ஐந்தும் கூட்டினால் பதினொன்று, பெருக்கினால் முப்பது. அவள் கட்டைப் பிரித்தாள். கணவரும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டார்.

“ரெண்டு மீட்டர் வேலி போட இந்நேரத்துக்கு ஆள் புடிக்கிறியே!”

கடைசித் தாளில் பூஜ்யத்தை அடித்து இரண்டு எழுதியபோது, அந்த ஜன்னலோரப் பெண் ஒருவழியாக ஏழாம் கேள்விக்குப் போய்விட்டதுபோல் அவளுக்கு இருந்தது.