தட்டு உட்காரவில்லை

அண்ணன் அம்மாவுக்கு வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அவனும் அண்ணியும் வேலைக்குப் போன பிறகு, மூடி வைத்த சாப்பாட்டை அம்மா தானே மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட வேண்டும். அது முடியவில்லையென்றால் முதியோர் இல்லம். நான் இருந்தது பெண்கள் விடுதியில். அங்கே அம்மாவை வைத்துக்கொள்ள விதி இடம் தராது. அம்மாவுக்கு இருந்தது அண்ணன் வீடுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. சோற்றுத் தட்டை அண்ணி அண்ணனுக்கு முன்னால் நீட்டினாள்.

"தொட்டுப் பாருங்க. இந்த ஓரம் கொதிக்குது, அந்த ஓரம் பச்சைத்தண்ணி. வாரம் முழுக்க இதே கதைதான். உங்கம்மாவுக்கு ஒரு பட்டன் அமுக்கத் தெரியலை."

"உள்ள தட்டு சுத்தலைடா," என்றாள் அம்மா. "முன்னெல்லாம் ஒரு நேரம் இந்தப் பக்கமா சுத்தும், ஒரு நேரம் அந்தப் பக்கமா சுத்தும். இப்ப எந்தப் பக்கமும் சுத்தலை."

அண்ணன் அண்ணியைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டியா? தட்டு ரெண்டு பக்கமும் சுத்துதாம். சுத்துறது தட்டாம்மா, உன் தலையா?"

அண்ணி சிரிப்பை அடக்க முந்தானையைத் தேடினாள்.

அம்மா தையல் கூடத்தில் மெஷின்களோடு வாழ்நாளைக் கழித்தவள். எழுந்து போய் மைக்ரோவேவின் பிளக்கைப் பிடுங்கினாள். கண்ணாடித் தட்டைத் தூக்கினாள். அதற்கு அடியில், சின்னச் சக்கரங்கள் பூட்டிய வளையம். வளையத்தையும் எடுத்தாள். உள்தரையின் நடுவே மோட்டாரின் தண்டு மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இங்க மூணு கை வச்ச ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதுதான் தட்டைப் புடிச்சுத் திருப்பும். எங்க அது?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே தினம் உள்ள கையை விடுறீங்க," என்றாள் அண்ணி.

அம்மா தேடினாள். ஸ்பூன் டப்பாவில், பாட்டில் மூடிகளுக்கு நடுவே அது கிடந்தது. அதில் சர்க்கரைப் பாகு காய்ந்து ஒட்டியிருந்தது. போன வாரம் அண்ணி தன் தோழிகளுக்கு கேக் வைக்க அந்தக் கண்ணாடித் தட்டை எடுத்திருந்தாள். முன்பே சிந்திக் காய்ந்திருந்த பாகில் ஒட்டி இந்தத் துண்டும் தட்டோடு வந்திருக்கிறது.

"ஏதோ மூடின்னு நினைச்சேன்," என்றாள் அண்ணி. குரலில் கொஞ்சமும் இறக்கம் இல்லை.

அம்மா துண்டைக் கழுவித் துடைத்தாள். தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. துண்டின் ஓட்டையும் அப்படியே. இரண்டையும் பொருத்தி அழுத்தினாள். வளையத்தை அதன் பள்ளத்தில் வைத்து, மேலே தட்டை வைத்தாள். ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்து, பிளக்கைச் செருகி ஓட்டினாள். கடகடவென்று அரைக்கும் சத்தம்; தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது.

"இப்ப முழுசா ஒடைச்சாச்சு," என்றான் அண்ணன்.

"தட்டு உக்காரலைடா. நூல் சுத்துன பாபின் சரியா உக்காரலைன்னா தையல் மெஷினும் இப்படித்தான் கத்தும்."

"தட்டு எங்கம்மா உக்காரும்? இந்த வீட்ல உக்காந்தே இருக்கிறது நீ ஒருத்திதானே."

அம்மா அதை நிறுத்தி, மறுபடி பிளக்கைப் பிடுங்கினாள். தட்டைத் தூக்கிப் பார்த்தாள். வளையத்தின் பள்ளத்தில் கருகிய பருக்கை ஒன்று இருந்தது. ஒரு சக்கரம் அதில் ஏறி நின்றிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள். தட்டை வைத்து மெல்லத் திருப்பினாள். தட்டின் அடியில் இருந்த மேடுகள் அந்த மூன்று கைகளுக்கு இடையே இறங்கியதும் 'டொக்' என்றது. கையால் அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை.

ஓட்டினாள். தட்டு சத்தமில்லாமல் இடப்பக்கமாகச் சுற்றியது. நிறுத்தி மறுபடி ஓட்டினாள். இம்முறை வலப்பக்கமாகச் சுற்றியது.

"பாத்தியா?" என்றாள் அண்ணனிடம். பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம். "இந்த மோட்டார் அப்படித்தான். எந்தப் பக்கம் கிளம்புதோ அந்தப் பக்கம் போகும்."

அம்மா சோற்றைச் சூடாக்கினாள். ஓரமும் நடுவும் ஒரே சூடு. சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அண்ணன் முன் வைத்தாள்.

அண்ணன் தொட்டுப் பார்க்கவில்லை. "சரிம்மா, இன்னைக்கு ஆச்சு. நாளைக்கு? புதன்கிழமை இல்லத்துக்குப் போக வண்டி வரச் சொல்லிட்டேன். துணி எல்லாம் எடுத்து வச்சுக்கோ."

"அப்ப இந்தப் பரீட்சை எதுக்குண்ணா?" என்றேன்.

"உனக்கு வயசாயிடுச்சும்மா," என்றான், அம்மாவைப் பார்த்தே. "வயசானா வீட்ல வச்சுக்க முடியாது."

அம்மா அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

முதியோர் இல்லத்தில் சமையலறைக்குள் யாரையும் விட மாட்டார்கள். மழைக்காலத்தோடு அம்மா இறந்துபோனாள்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டாள். மைக்ரோவேவ் கடகடத்துக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். தட்டு ஒரு பக்கம் தூக்கி நின்றது.

"கழுவி வச்சதுலேர்ந்து இப்படித்தான் கத்துது. அத்தை அதை எப்படியோ உக்கார வைப்பாங்களே, நீதான் பக்கத்துல நின்னு பார்த்தியே. கொஞ்சம் சொல்லேன்."

தட்டைத் தூக்கி மெல்லத் திருப்பினால் போதும். ஒரு 'டொக்'.

"அதுக்கு வயசாயிடுச்சு அண்ணி," என்றேன். "இனிமே வீட்ல வச்சுக்க முடியாது."

கூடத்தில் அண்ணன் தலையை நிமிர்த்தினான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். கீழ்த்தளம் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது.