‘பை’யில் எத்தனை உயிர்?

அந்தப் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் இரண்டே பயிற்சியாளர்கள்: அவளும், பணியில் அவளுக்கு இளையவள் ஒருத்தியும். தன் தம்பிக்குப் பக்கவாதம் வந்து வாய் குழறியபோது, சொந்தக்காரன் என்பதால் அவனை இளையவளிடமே ஒப்படைத்தாள். ஆனால் ஒவ்வொரு குரல்பதிவையும் இருவர் தனித்தனியே கேட்டு ஒலிக்குறியில் எழுத வேண்டும் என்பது நிலையத்து விதி. கேட்க வேறு ஆள் ஏது?

வீட்டில் தம்பிக்குப் பட்டப்பெயர் ரேடியோ. மூடினால்தானே வாய்! நோய்க்குப் பிறகு ‘பை’ என்று சொல்லச் சொன்னால் ‘ப’ என்று நின்றுவிட்டு, தனியாக ஒரு ‘இ’ சொன்னான். அவள் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சித்தி சொன்னது காதில் விழுந்தது. உறைக்கவில்லை. வேளைக்குச் சோறு இறங்கியது, வேலை நடந்தது.

அன்று புதிய பதிவு. பை, மை, கை. ஹெட்போனைக் கழற்றாமலே எல்லாச் சொல்லிலும் ‘அ’வுக்கும் ‘இ’க்கும் நடுவே புள்ளி வைத்தாள். இரண்டு உயிர், இரண்டு அசை.

இளையவள் தன் தாளோடு வந்தாள். “மேடம், நான் புள்ளி வைக்கல. ‘இ’க்குக் கீழ வளைவு போட்டிருக்கேன். எனக்கு ஒரே அசையாத்தான் கேக்குது.”

“எப்படி இழுக்கறான் பாரு. ‘அ’ தனியா நிக்குதே.”

“இழுக்கறார்தான். அதுக்காக ரெண்டாயிடுமா?”

இருவரும் கணினி முன் உட்கார்ந்தார்கள். நோய் வந்த புதிதில் எடுத்த பழைய பதிவில் சத்தத்தின் கோடு இரண்டு மேடாக எழுந்திருந்தது, நடுவே பள்ளம். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் படத்திலும் ‘அ’வின் கரும்பட்டை ஒரு மட்டத்தில் நின்று, அறுந்து, ‘இ’யின் மட்டத்தில் மறுபடி தொடங்கியது. புதியதில் மேடு ஒன்றுதான். பட்டை கொஞ்ச நேரம் கீழே நின்றது நிஜம். ஆனால் அறுபடாமல் அங்கிருந்தே சரிவாக மேலேறி ‘இ’க்குப் போய்விட்டது. இன்னொரு முறை கேட்டாள். ‘இ’ தனக்கென்று ஒரு அழுத்தம் எடுக்காமல் ‘அ’வோடு வழுக்கிக்கொண்டு போனது.

“பழகினதையே கேட்டிருக்கேன்,” என்றாள். புள்ளிகளை அழித்துவிட்டு வளைவு போட்டாள்.

“அப்ப நாளையிலேருந்து வாக்கியம் ஆரம்பிக்கட்டுமா?”

“ஆரம்பி.”

“சந்தோஷமா இல்லையா மேடம்?”

“தெரியலம்மா. வர்றப்ப வரட்டும்.”

வெளியே பெஞ்சில் தம்பி சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குனிந்து அதைச் சரிசெய்தாள்.

“டேய் ரேடியோ, ‘பை’ ஒட்டிக்கிச்சுடா.”

ஒரு பக்க வாயால் சிரித்தான். “இனி... காசு குடுத்தாலும்... நிறுத்த மாட்டேன்.”

அவன் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். அழுகை வருமோ என்று ஒரு கணம் நின்று பார்த்தாள். லிஃப்ட்தான் வந்தது. ஏறினார்கள்.