கதவில் தொங்கிய கோட்டை

ரஷ்யர்கள் தங்கள் புத்தகங்களில் பொதுவாக அழுத்தக்குறி போடுவதில்லை. எந்த அசையை அழுத்துவது என்று அவர்களுக்குத் தெரியும். கற்றுக்கொள்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக ஓரசைக்கு மேற்பட்ட சொற்களில் ஓர் உயிரெழுத்தின் தலையில் சின்னச் சாய்கோடு போடுவதுதான் பாடநூல் பதிப்பகத்தில் என் வேலையும் அக்காவின் வேலையும். கூடப்பிறந்தவர் இல்லை, பக்கத்து மேசைக்காரர். ஆனாலும் அக்காதான்.

மென்பொருள் முதலில் குறிகளைத் தூவிவிடும். அதற்கு அர்த்தம் கிர்த்தம் ஒன்றும் தெரியாது. அதனால் அக்கா அகராதியும் கையுமாக உரக்கப் படிப்பார், நான் திருத்துவேன். பக்கத்தின் அடியில் இருவரும் கையெழுத்துப் போடுவோம்.

"ஒரே சொல்லுதான், முதல் எழுத்த அழுத்தினா வேதனை, கடைசிய அழுத்தினா மாவு. பாத்துப் போடு தம்பி, யாராவது வேதனையப் பிசைஞ்சிடப் போறாங்க" என்பார்.

அக்காவின் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த நாளில் கடைசிப் பாடத்தின் நான்கு பக்கங்கள் பாக்கி. அச்சகத்திலிருந்து விடாமல் போன். ஒரு பிரதி அக்காவின் பையில் இருந்தது, ஒன்று என்னிடம். மேலோட்டமாகப் புரட்டினேன். என் கையெழுத்தைப் போட்டேன். பக்கத்தில் அவருடையதையும் நானே போட்டேன்.

மறுநாள் காலை அவர் தன் பிரதியோடு வந்தார். "ஆஸ்பத்திரி வராந்தாவுலயே பாத்து முடிச்சிட்டேன் தம்பி."

"அச்சுக்குப் போயிடுச்சுக்கா. நானே பாத்துட்டேன்" என்றேன். கையெழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு மாதத்தில் ஓர் ஆசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. 'கதவில் பூட்டு தொங்குகிறது' என்ற வாக்கியம். 'ஸமோக்' என்றால் பூட்டு, 'ஸாமக்' என்றால் கோட்டை. ரஷ்ய எழுத்து ஐந்தும் ஒன்றே, அழுத்தம்தான் வேறு. எங்கள் புத்தகத்தில் குறி முதல் உயிரெழுத்தின் மேல். கதவில் கோட்டையைத் தொங்கவிட்டிருந்தோம். வகுப்பே சிரித்ததாம்.

அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய வாரம் அது. மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை நீட்டினார்.

"அகராதி பாக்குறது உங்க பொறுப்பு. இது உங்க கையெழுத்துதானே?"

அக்கா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கையில் ஆஸ்பத்திரியில் பார்த்த அந்தத் தாள்கள் சுருட்டியபடி இருந்தன. நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன?

"அப்படித்தான் தெரியுது சார்" என்றார் அக்கா.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. போகிற அன்று அந்தத் தாள்களை என் மேசையில் வைத்தார். "நான் சரியாத்தான் போட்டிருந்தேன் தம்பி. பாத்துக்கோ." திட்டியிருந்தால் தேவலை.

பூட்டு பூட்டாகவே இருந்தது. அடியில் தேதியோடு அவர் கையெழுத்து. பக்கத்தில் எனக்கான இடம் காலி.

நான்கு வருடமாக அது என் இழுப்பறையில் இருக்கிறது. சில நாள் வெளியே எடுத்துப் பேனாவைத் திறப்பேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதக் கை வராது. அவர் பெயரை எழுத மட்டும் அன்றைக்கு எவ்வளவு சுலபமாக வந்தது.